வெள்ளி விழா அழைப்பும் வருவோர் கணக்கும்: பதில் பெறும் வழிகளில் எதைத் தேர்வது?

பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 25 ஆண்டுகளாக இயங்கிவரும் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, தன் வாடிக்கையாளர்களையும் தொழில் கூட்டாளிகளையும் வெள்ளி விழாவுக்கு அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழைப்புப் பட்டியலில் 180 பெயர்கள் இருக்கின்றன. பாலக்காட்டுப் பலகாரக் கடைக்காரர்கள், பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய் ஆலையினர், கோயம்புத்தூர்ப் பம்பு உற்பத்தியாளர்கள் எனப் பெட்டி வாங்குவோர் 110 பேர். கிராஃப்ட் காகிதம் தரும் ஆலைகளும் முகவர்களும், பசை, மை விற்போரும், லாரி உரிமையாளர்களும் 45 பேர். வங்கி, தணிக்கையாளர், காப்பீடு, பக்கத்துத் தொழிற்சாலைகள் எனப் பிறர் 25 பேர். இவர்களில் சிலர் தமிழ் படிப்பவர்கள், சிலர் மலையாளம் படிப்பவர்கள், சிலருக்கு அலுவலகக் கடிதம் என்றாலே ஆங்கிலம்தான். இப்படிப்பட்ட ஒரு பட்டியலுக்கு அழைப்பை எவ்வழியில் அனுப்புவது, பதிலை எவ்வழியில் வாங்குவது என்பதே இந்த ஒப்பீட்டின் பொருள்.

அழைப்பும் பதிலும் இரண்டு தனி வேலைகள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அழகிய அட்டை அழைப்பைச் சிறப்பாகச் செய்யும். பதிலைக் கொண்டுவருவதில் அது பெரும்பாலும் தோற்றுப்போகும். இணையப் படிவம் பதிலைச் சீராக அடுக்கித் தரும். ஆனால் அழைப்பாக அது வறண்டது. ஆகவே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். பெறுபவர் தாம் மதிக்கப்பட்டதாக உணர்வாரா என்பது ஒன்று. சமையற்காரரிடம் இலைக்கணக்கு சொல்ல வேண்டிய நாளில் நம் கையில் நம்பத்தகுந்த எண் இருக்குமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியே கடினமானது. இப்பகுதியில் விருந்துக்கு இலைக் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். சொன்ன எண்ணிக்கைக்குக் குறைவாக ஆள் வந்தாலும் பணம் போகும், கூடுதலாக வந்தால் மானம் போகும்.

பதில் வராமல் போவதற்கு அலட்சியம் மட்டுமே காரணமில்லை. நேரில் வந்து அட்டை கொடுத்தவரிடம் அதை வாங்கிக்கொள்வதையே பதிலாகக் கருதும் வழக்கம் எல்லைக்கு இருபுறமும் உண்டு. 'வர இயலாது' என்று எழுதுவதை அழைத்தவரை அவமதிப்பதாக எண்ணுகிறவர்களும் பலர். அவர்கள் 'பார்க்கலாம்', 'கண்டிப்பா முயற்சி பண்றேன்' என்பார்கள், அல்லது பேசாமல் இருந்துவிடுவார்கள். 'தங்கள் வருகையை உறுதி செய்யவும்' என்று அச்சிடுவது இத்தகையவர்களிடமிருந்து எதையும் வரவழைக்காது. அந்த வாக்கியம் ஆம் என்ற ஒரே விடையைத்தான் எதிர்பார்க்கிறது. இல்லை என்று சொல்ல அதில் கண்ணியமான இடம் இல்லை.

ஆகவே வழியைத் தேர்வதற்கு முன் கேள்வியைத் திருத்த வேண்டும். வருவீர்களா என்று கேட்காமல், ஓட்டுநர் உட்பட எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்பதே நான் கண்டவற்றுள் சிறந்தது. விடை 0, 1, 2, 3 என்ற ஓர் இலக்கம். பூஜ்யம் என்பது மறுப்புச் சொல்லாக ஒலிப்பதில்லை, அது வெறும் கணக்கு. அதோடு, மூன்று மொழிகளில் அழைப்பு போகும் இடத்தில் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றே. பதிலைப் பதிவு செய்யும் ஊழியருக்கு மலையாள எழுத்து தெரியாவிட்டாலும் 2 என்பது 2தான். ஓட்டுநர் என்ற சொல்லைத் தவறாமல் சேர்க்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மாலையில் வருகிற முதலாளிகளில் பலர் ஓட்டுநரோடு வருவார்கள். அவரைக் கணக்கில் சேர்க்காத விழாக்களில் கடைசிப் பந்தியில்தான் பற்றாக்குறை தெரியவரும், அப்போது எதிரில் அமர்ந்திருப்பவர்கள் அந்த ஓட்டுநர்களாகவே இருப்பார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 'வருகிறேன் என்றால் 1, இல்லை என்றால் 2' என்று தெரிவுகளுக்கு எண் இடக்கூடாது. ஒருவர் 2 என்று அனுப்பும்போது இருவர் வருகிறார்களா, யாரும் வரவில்லையா என்று தெரியாமல் போய்விடும். சைவமா அசைவமா என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டாம். விருந்தைச் சைவமாகவே வைத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. கேள்வி ஒன்றாக இருக்கும்வரை பதில் வரும். மூன்றாக ஆனவுடன் 'ஓய்வாக நிரப்பிக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இனி வழிகளுக்கு வருகிறேன். நடைமுறையில் நம் முன் இருப்பவை ஐந்து: அச்சிட்ட அட்டையும் அதில் ஒரு தொலைபேசி எண்ணும், வாட்ஸ்அப் செய்தி, கூகுள் படிவம், நாட்காட்டி அழைப்போடு கூடிய மின்னஞ்சல், நேரடித் தொலைபேசி அழைப்பு.

வாட்ஸ்அப்பை முதலில் எடுக்கிறேன், ஏனெனில் பெரும்பாலான பதில் அதன் வழியாகத்தான் வரப்போகிறது, பெரும்பாலான தவறும் அங்கேதான் நேர்கிறது. எல்லாரையும் ஒரு குழுவில் சேர்த்து அழைப்பிதழைப் பதிவிடுவதை அறவே தவிர்க்க வேண்டும். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரும் மற்றவர்களின் எண்களைப் பார்க்க முடியும். ஒரே ஊரில் சிப்ஸ் விற்கும் இரண்டு போட்டி நிறுவனங்களுக்கும் நாம் பெட்டி தருகிறோம் என்றால், அந்த உண்மையை நாமே அவர்களுக்கு அறிவித்தவர்களாகிவிடுவோம். நம் காகித முகவர் நம் வாடிக்கையாளர் பட்டியலையே கையில் பெற்றுவிடுவார். குழுவில் ஒருவர் 'மன்னிக்கவும், இயலாது' என்று எழுதிவிட்டால் அதைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் பின்வாங்குவார்கள் என்பது வேறு.

குழுவுக்கு மாற்றாக ஒலிபரப்புப் பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் செய்தி தனியாகச் செல்லும், பதிலும் நமக்கு மட்டும் தனியாக வரும், பெறுபவருக்கு மற்றவர்கள் யாரென்று தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் நம் 180 பேர் ஒன்றிலேயே அடங்குவர். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை அறியாமல் ஏமாறுவோர் அதிகம். நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே ஒலிபரப்புச் செய்தி போய்ச் சேரும். விழாவுக்கென்று புதிய சிம் அட்டை வாங்கி அதிலிருந்து ஒலிபரப்பினால் அந்த எண் யார் கைபேசியிலும் இராது. செய்தி கிட்டத்தட்ட ஒருவருக்கும் போகாது. புதிய எண்ணிலிருந்து ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே தொடர்ந்து அனுப்பினாலோ, அந்தக் கணக்கையே வாட்ஸ்அப் முடக்கிவிடக்கூடும்.

எனவே அனுப்பும் எண் எதுவென்பதே இங்கு முக்கியமான முடிவு. நிறுவனத்தின் எண்களில் வாடிக்கையாளர்கள் அனைவரும் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பது எது? பெரும்பாலும் அது நிர்வாக இயக்குநரின் எண் அன்று. நாள்தோறும் வண்டி எண்ணையும் விலைப்பட்டியலையும் அனுப்புகிற சரக்கு அனுப்புகைப் பிரிவின் எண்தான் அது. அந்த எண்ணிலிருந்து அனுப்பினால் செய்தி சேரும், பதில் சொல்லவும் தயக்கம் இராது. அழைப்பு இயக்குநரின் பெயரில் இருக்கட்டும். எண் மட்டும் அனுப்புகைப் பிரிவினுடையதாக இருக்கட்டும். அனுப்பிய மறுநாள் செய்தித் தகவலைத் திறந்து, யார் யாருக்குச் சேரவில்லை என்று பார்த்து, அவர்களுக்குத் தனியாக அனுப்பலாம், அல்லது தொலைபேசியில் பேசலாம். நீலக் குறி வராததை மட்டும் வைத்து அவர் படிக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். அதை அணைத்து வைத்திருப்போர் பலர்.

அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்புவது இன்னொரு பொதுவான தவறு. படத்திலுள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, முகவரியை நகலெடுக்க முடியாது, வயதானவர் பெரிதாக்கிப் பார்த்தால் வரிகள் கலங்கிவிடும். படத்தின் கீழேயே தேதி, நேரம், இடம், வழி, கேள்வி ஆகிய ஐந்தையும் எழுத்தாகத் தர வேண்டும். மூன்று மொழிகளையும் ஒரே செய்தியில் அடுக்கினால் அது நீண்டு, கேள்வி அடியில் புதைந்துவிடும். பட்டியலை மொழிவாரியாக மூன்றாகப் பிரித்து, மூன்று ஒலிபரப்புகளாக அனுப்புவதே மேல். அப்படிப் பிரிக்கும்போது அவர் நம்மோடு எந்த மொழியில் பேசுகிறார் என்பதைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது. கொழிஞ்சாம்பாறை, சிற்றூர்ப் பக்கம் வீட்டிலும் கடையிலும் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் மட்டுமே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நாம் எவ்வளவு இனிமையாகத் தமிழ் பேசியிருந்தாலும் தமிழில் எழுதிய அழைப்பை அவர்களால் படிக்க இயலாது. அவர் தம் கைப்படச் செய்தி எழுதும்போது எந்த எழுத்தைப் பயன்படுத்துகிறார் என்று பழைய உரையாடலைத் திறந்து பார்த்தால் ஐயம் தீரும்.

தமிழ்ச் செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம். தங்கள் ஆதரவோடு எங்கள் நிறுவனம் 25 ஆண்டுகளை நிறைவு செய்கிறது. 2027 பிப்ரவரி 6, சனிக்கிழமை, மாலை 6 மணிக்கு நடைபெறும் வெள்ளி விழாவுக்கும், 7.30 மணிக்குத் தொடங்கும் இரவு விருந்துக்கும் தங்களை அன்புடன் அழைக்கிறோம். விழா தொழிற்சாலையில் இல்லை. கஞ்சிக்கோடு நெடுஞ்சாலையோர மண்டபத்தில் நடைபெறும். கோயம்புத்தூரிலிருந்து வருவோருக்கு மண்டபம் இடப்புறம். வண்டி நிறுத்த இடம் உண்டு. வரைபட இணைப்பு கீழே. ஓட்டுநர் உட்பட எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை ஓர் எண்ணாக மட்டும் ஜனவரி 29, வெள்ளிக்கிழமைக்குள் இந்த எண்ணுக்கே அனுப்ப வேண்டுகிறோம். வர இயலாவிடில் 0 என்று அனுப்பினால் போதும்.'

இதில் ஒவ்வொரு விவரமும் ஒரு குழப்பத்தைத் தடுக்க இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சரக்கு எடுக்க வந்து பழகியவர்கள், 'உங்கள் இடம்தானே' என்று நேரே தொழிற்சாலைக்குப் போய் நிற்பார்கள். அதற்காகத்தான் இடம் வேறு என்று வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. வாளையார் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 544 நடுத்தடுப்போடு கூடியது. தவறான பக்கத்தில் வந்தால் அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். எனவே எந்தத் திசையிலிருந்து வந்தால் எந்தப் பக்கம் என்பது அலங்காரமான எந்த வாக்கியத்தையும்விடப் பயன் தருவது. மலையாளச் செய்தியில் பாலக்காடு, திருச்சூரிலிருந்து வருவோருக்கான திசையை எழுத வேண்டும். அங்கே மண்டபம் வலப்புறமாகிவிடும். மொழிபெயர்க்கும்போது இந்த ஒரு வரியை அப்படியே எடுத்தெழுதிவிடும் அபாயம் உண்டு. வரைபட இணைப்பையும் மண்டபத்தின் பெயரைத் தேடி எடுக்காமல், வாயிலில் நின்று இடத்தைக் குறித்து எடுத்தால் நல்லது. விருந்து நேரத்தைத் தனியாகச் சொல்வதும் அவசியம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்து, திரும்பவும் ஓட்டிக்கொண்டு போக வேண்டியவருக்கு, எப்போது புறப்படலாம் என்பது வருவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும் விவரம்.

கூகுள் படிவம் கணக்கு வைப்பவருக்கு மிக வசதியானது. பதில்கள் தாமாகவே அட்டவணையில் விழும், கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இருந்தும் இந்தப் பட்டியலுக்கு அதை முதன்மை வழியாக நான் பரிந்துரைக்கவில்லை. இணைப்பைத் தொட்டு, பக்கம் திறக்கக் காத்திருந்து, பெயர், நிறுவனம், எண்ணிக்கை என்று நிரப்பி, சமர்ப்பிக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு பேசும் வணிகர் இதைப் பிறகு பார்ப்பதாகத் தள்ளிவைப்பார். தெரியாத இணைப்பைத் தொடக்கூடாது என்று இப்போது எல்லாரும் எச்சரிக்கப்பட்டிருப்பதால் ஐயமும் சேரும். அமைப்பில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் பெறுபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். நிறுவனத்தின் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் படிவத்தை உருவாக்கினால், அது நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும்படி அமைந்திருக்கக்கூடும். உருவாக்கியவருக்கு நன்றாகத் திறப்பதால் அவர் அதைக் கவனிக்க மாட்டார். வெளியார் அனைவருக்கும் 'அனுமதி இல்லை' என்று வரும். நம் அலுவலகத்துக்குத் தொடர்பில்லாத ஒருவரின் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும். விருந்தினர் தங்கும் அறை, இரயில் நிலையத்திலிருந்து வண்டி என்று பல விவரங்கள் தேவைப்படும் வெளியூர் விருந்தினர் சிலருக்கு மட்டும் படிவம் பொருந்தும். இந்த விழாவில் அப்படிப்பட்டவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். அவர்களோடு தொலைபேசியில் பேசிவிடுவதே எளிது.

மின்னஞ்சலை ஒதுக்கிவிட முடியாது. பெரிய பம்பு நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களும் வங்கி அதிகாரிகளும் தம் நாளை அலுவலக நாட்காட்டியைப் பார்த்தே நகர்த்துகிறார்கள். அதோடு, பொருள் வழங்குவோரின் விருந்தை ஏற்பதற்கு மேலதிகாரியின் இசைவு வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. அவர்களுக்கு நிறுவனத்தின் கடிதத்தலைப்போடு கூடிய முறையான அழைப்பு மின்னஞ்சலில் வந்தால்தான் அதை மேலே அனுப்ப முடியும். வாட்ஸ்அப் செய்தி மட்டும் போனால் அவர்கள் பதில் சொல்லாமல் விட்டுவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நாட்காட்டி அழைப்பில் ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று ஒரே தொடுதலில் பதில் வரும். ஆனால் கூகுள் நாட்காட்டியில் விருந்தினர் பட்டியலைப் பிறர் பார்க்கலாம் என்ற அமைப்பு தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருக்கும். அதை அணைக்காமல் ஒரே நிகழ்வில் எல்லாரையும் சேர்த்தால், வாட்ஸ்அப் குழுவில் நேர்ந்த அதே கேடு மின்னஞ்சல் முகவரிகளோடு நேரும். நாட்காட்டிப் பதிலில் தலைக்கணக்கும் வராது. ஆகவே இந்த 25, 30 பேருக்கு மின்னஞ்சலைத் தனித்தனியாக அனுப்பி, அதே எண்ணிக்கைக் கேள்வியை அதிலும் வைத்து, நாட்காட்டி அழைப்பை இணைப்பாக மட்டும் சேர்ப்பது சரியாக இருக்கும்.

அச்சிட்ட அட்டை மரியாதைக்கு உரியது. முதல் ஆண்டிலிருந்து கூட இருக்கும் வாடிக்கையாளருக்கும், கடன் கொடுத்து நிறுவனத்தைத் தாங்கிய காகித ஆலைக்கும் வாட்ஸ்அப் படம் மட்டும் அனுப்புவது பொருந்தாது என்றே நினைக்கிறேன். 180 பேருக்கும் அட்டை வேண்டுமா என்பது வேறு கேள்வி; 60 பேருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது 180 பேருக்குக் கூரியரில் அனுப்புவதைவிட மேலானது. அட்டையின் குறை, பதில் வராமையே. பதில் அட்டை வைத்து அஞ்சல் தலை ஒட்டி அனுப்பும் முறை இப்போது வேலைக்கு ஆகாது. அட்டையில் நான்கு ஊழியர்களின் எண்களை அச்சிட்டால் பதில்கள் நான்கு இடங்களில் சிதறி, யாரிடமும் முழுக் கணக்கு இராது. ஒரே எண்ணைத்தான் அச்சிட வேண்டும், அதுவும் வாட்ஸ்அப் அனுப்பிய அதே எண்ணாக இருக்க வேண்டும்.

அட்டையையும் வாட்ஸ்அப்பையும் இணைக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கீழே உள்ளது போன்ற இணைப்பைக் கியூஆர் குறியாக மாற்றிச் சிறு ஒட்டுத்தாளில் அச்சிட்டு அட்டையின் உள்ளே ஒட்டலாம்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=K047-
```

91க்குப் பின் நம் பத்து இலக்க எண் வரும். முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ போடக்கூடாது. விருந்தினர் குறியை வருடியதும் நம் எண்ணுக்கான உரையாடல் திறந்து, அதில் K047- என்று எழுதப்பட்டிருக்கும். அவர் 2 என்று சேர்த்து அனுப்பினால் போதும். 047 என்பது நம் பட்டியலில் அவருடைய வரிசை எண். அட்டையை மகனிடம் கொடுத்துப் பதில் அனுப்பச் சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வெறும் '2' வந்தால் அது யாருடையது என்று கண்டுபிடிக்க இயலாது. இந்த வரிசை எண் அதைத் தீர்க்கிறது. 60 அட்டைகளுக்கு 60 குறிகள் செய்வது அலுவலகத்தில் ஒருவருக்கு அரை நாள் வேலை. ஒட்டுவதற்கு முன் நான்கைந்தை வருடிப் பார்த்து, உறையின் மேலுள்ள பெயரும் எண்ணும் பட்டியலோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.

தொலைபேசியைத் தொடக்கத்திலேயே பயன்படுத்துவது வீண். விழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன் கேட்டால் எல்லாரும் 'வந்துவிடுகிறோம்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கணக்கு மதிப்பு இல்லை. ஆனால் பதில் தேதி கடந்த மறுநாள், பதில் தராதவர்களை மட்டும் அழைப்பதற்கு இணையான வழி வேறில்லை. அந்த அழைப்பிலும் கேள்வியை மாற்றக்கூடாது. 'வர்றீங்களாண்ணா?' என்று கேட்டால் பழைய விடையே வரும். 'அண்ணா, இலைக்கணக்கு நாளைக்குச் சொல்லணும், உங்களோட எத்தனை பேருன்னு போடட்டும்?' என்று கேட்டால், இயலாதவர் 'எனக்கு வேற விசேஷம் இருக்கு, போட வேண்டாம்' என்று மனம் நோகாமல் சொல்லிவிடுவார்.

ஆக என் தேர்வு இதுதான்: அனுப்புகைப் பிரிவின் வாட்ஸ்அப் எண்ணைப் பதிலுக்கான ஒரே வாயிலாக வைத்து, 60 பேருக்கு அதே எண்ணைச் சுட்டும் அட்டையும், அலுவலக முறைமை வேண்டுவோருக்கு மின்னஞ்சலும் அனுப்பி, மீதியைத் தொலைபேசியால் அடைப்பது. மின்னஞ்சலில் வரும் பதில்களையும் அதே ஊழியர் அதே பட்டியலில் அன்றே ஏற்ற வேண்டும். படிவம் இந்த ஏற்பாட்டில் தேவைப்படவில்லை. பட்டியலில் அலுவலக மின்னஞ்சல் பயன்படுத்துவோரே பெரும்பான்மையாக இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நான் இதையே சொல்ல மாட்டேன். அங்கே மின்னஞ்சலும் படிவமும் முன்னுக்கு வரும்.

தேதியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஆடியும் அதற்கு நேரான மலையாளக் கர்க்கடகமும் எவரும் விழா வைக்கத் தயங்கும் மாதம். நவம்பர் நடுவில் கல்பாத்தித் தேர்த்திருவிழா வருகிறது, அதையொட்டிச் சபரிமலை மண்டல காலம் தொடங்கி நெடுஞ்சாலை நிறைந்துவிடும். தீபாவளிக்கும் ஓணத்துக்கும் முந்தைய வாரங்களில் பலகாரக்காரர்களுக்கும் பெட்டிக்காரர்களுக்கும் மூச்சுவிட நேரமிராது. பிப்ரவரி 6 தை மாதத்தில் விழுகிறது; மாத இறுதி நெருக்கடி முடிந்து, 11ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குத் தாக்கலுக்கு முன்பாக அமைகிறது. அழைப்பைப் பொங்கல் விடுமுறையிலோ, ஜனவரி 20ஆம் தேதி வரிக்கணக்குக் கெடுவுக்கு முன்னரோ அனுப்பாமல், 21ஆம் தேதி வியாழனன்று அனுப்பலாம். இடையில் குடியரசு நாள் விடுமுறை இருப்பதைக் கணக்கிட்டு, 29 வரை பதிலுக்கு நேரம் தரலாம். 30ஆம் தேதியும் பிப்ரவரி 1ஆம் தேதியும் தொலைபேசிக்கு. 3ஆம் தேதி புதன்கிழமை சமையற்காரருக்கு எண்ணிக்கை.

எண்களை இட்டுப் பார்த்தால் தொலைபேசியின் பயன் துலங்கும். 29ஆம் தேதி மாலை 180 பேரில் 112 பேர் பதில் தந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 20 பேர் 0 அனுப்பியிருக்கிறார்கள். மற்ற 92 பேர் சொன்னவற்றைக் கூட்டினால் ஓட்டுநர்கள் உட்பட 158 தலைகள். பதில் தராதோர் 68 பேர். இவர்கள் எவரும் வராமலும் போகலாம், இருவர் இருவராக 136 பேர் வந்தும் நிற்கலாம். இவ்வளவு பெரிய இடைவெளியோடு எந்தச் சமையற்காரரிடமும் எண் சொல்ல முடியாது. இரண்டு ஊழியர்கள் ஆளுக்கு 34 பேரை அழைக்கிறார்கள். மறு அழைப்புகளையும் சேர்த்து ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் 25 பேர் மொத்தம் 41 தலைகளைச் சொல்கிறார்கள், 27 பேர் வேண்டாம் என்கிறார்கள், 16 பேர் பிடி கொடுக்கவில்லை அல்லது அழைப்பை எடுக்கவில்லை. தெரியாத பகுதி 136இலிருந்து 32 ஆகச் சுருங்கிவிட்டது. அந்த 16 பேருக்காக 8 இலை வைத்தால் 158, 41, 8 ஆகியவை சேர்ந்து 207. நம் தொழிலாளர் 40 பேரைச் சேர்த்தால் 247. சமையற்காரரிடம் 250 என்று சொல்லலாம். வருவதாகச் சொன்னவர்களில் சிலர் கடைசி நாளில் நின்றுவிடுவதும், சிலர் கூட ஒருவரை அழைத்து வருவதும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். பயத்தினால் மேலும் 50 இலை கூட்டிச் சொல்வதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

நினைவூட்டல் ஒன்று போதும், அது விழாவுக்கு முதல் நாள் மாலையில், வருவதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் போக வேண்டும். 0 அனுப்பியவருக்கு 'நாளை தங்களை எதிர்பார்க்கிறோம்' என்று மறுபடியும் செய்தி போனால், அவர் அனுப்பிய பதிலை நாம் படிக்கவேயில்லை என்று பொருளாகும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒவ்வொரு உரையாடலுக்கும் சிட்டை இடும் வசதி உண்டு. பதில் வந்த நாளிலேயே 'வருகிறார்', 'வரவில்லை' என்று சிட்டை இட்டு வைத்தால், முதல் சிட்டைக்குரியவர்களைக் கொண்டு நினைவூட்டலுக்கான புதிய பட்டியலை அமைத்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியில் இடம், வரைபட இணைப்பு, அன்று மாலை மண்டப வாயிலில் நிற்கும் ஊழியரின் எண் ஆகிய மூன்று மட்டும் இருக்கட்டும்.